தாங்கும் வளர்ச்சியிலிருந்து பங்கின் மதிப்புக்கு: ஆர்.ஓ.இ., தக்கவைப்பு விகிதம் வழியாக ஒரு முழுக் கணக்கு

பங்கு மதிப்பீட்டுத் தாள்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது: டிவிடெண்டை ஒரு கட்டத்தில் எழுதியிருப்பார்கள். வளர்ச்சி விகிதத்தை இன்னொரு கட்டத்தில் எழுதியிருப்பார்கள். வளர்ச்சியை 6%லிருந்து 8%க்கு மாற்றினால் பங்கின் மதிப்பு எகிறும். டிவிடெண்ட் கட்டம் மட்டும் அசையாமல் நிற்கும். கணக்கு பிழைபடுவது அந்த இடத்தில்தான். வளர்ச்சிக்குப் பணம் வேண்டும். கடனை ஏற்றாமல், புதுப் பங்கு வெளியிடாமல் வளர வேண்டுமென்றால், அந்தப் பணம் பங்குதாரருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த லாபத்திலிருந்துதான் வரும். அதனால் வளர்ச்சியை ஏற்றினால் டிவிடெண்ட் குறைந்தாக வேண்டும். இந்தப் பிணைப்பை விடாமல், ஆண்டறிக்கையில் தொடங்கி பங்கின் மதிப்பு வரை எப்படிப் போவது என்று இங்கே காட்டுகிறேன்.

அடிப்படைச் சூத்திரம் ஒரே வரி.

```
g = b × ROE
```

இதில் `ROE` என்பது பங்குதாரர் நிதியின் மீது ஓராண்டில் ஈட்டிய நிகர லாபத்தின் விகிதம். சந்தையில் எல்லோரும் ஆர்.ஓ.இ. என்றே சொல்கிறார்கள். `b` தக்கவைப்பு விகிதம். அதாவது நூறு ரூபாய் லாபத்தில் டிவிடெண்ட் போக நிறுவனத்திலேயே நிற்கும் பங்கு. `g` தாங்கும் வளர்ச்சி விகிதம். 100 ரூபாய் நிதி 18 ரூபாய் ஈட்டி, அதில் 60% உள்ளே நின்றால், அடுத்த ஆண்டு நிதி 110.80 ரூபாய். அதே 18% தொடர்ந்தால் லாபமும் 10.8% உயரும். கடனும் சொத்தும் அதே விகிதத்தில் கூடினால் கடன் சுமை மாறாது. இதைவிட வேகமாக ஒரு நிறுவனத்தால் வளர முடியாது என்பதல்ல பொருள். அப்படி வளர்ந்தால் கடனோ புதுப் பங்கோ தேவைப்படும் என்பதே பொருள். நிறுவனம் தன் நிதிநிலை விகிதங்களை மாற்றாமல் எவ்வளவு வளர முடியும் என்ற இந்தக் கேள்வியை 1977இல் ராபர்ட் ஹிக்கின்ஸ் தெளிவாக வரையறுத்தார்.

முதல் படி: மூன்று எண்களையும் ஒரே ஆண்டோடு பொருத்துவது

கணக்குக்காக ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். பம்ப் செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம், 4 கோடிப் பங்குகள். 2024-25ஆம் ஆண்டறிக்கையில் நிகர லாபம் 84 கோடி ரூபாய். ஆண்டுத் தொடக்கத்தில் பங்குதாரர் நிதி 420 கோடி, முடிவில் 484 கோடி. ஆண்டுக்குள் கையை விட்டுப் போன டிவிடெண்ட் 20 கோடி.

அவசரமாகப் போட்டால் கணக்கு இப்படி வரும். ஆர்.ஓ.இ. 84/484, அதாவது 17.4%. தக்கவைப்பு 64/84, அதாவது 76%. பெருக்கினால் வளர்ச்சி 13.2%. இதில் மூன்று பிழைகள் இருக்கின்றன, மூன்றும் வழக்கமானவை.

முதலாவது, 84 கோடியில் 12 கோடி பழைய நிலத்தை விற்றதில் வரி போகக் கிடைத்த லாபம். அது அடுத்த ஆண்டு வராது. லாப நட்டக் கணக்கில் 'இதர வருமானம்', 'விதிவிலக்கான இனங்கள்' என்ற இரு வரிகளையும் அவற்றுக்குரிய குறிப்புகளையும் படித்தால் இது தெரிந்துவிடும். தொழிலில் ஈட்டிய லாபம் 72 கோடிதான்.

இரண்டாவது பிழையில் அனுபவமுள்ளவர்களும் விழுகிறார்கள். இந்தியக் கணக்கியல் விதிகளின்படி, இயக்குநர் குழு பரிந்துரைத்த இறுதி டிவிடெண்டை அந்த ஆண்டின் கடனாகக் காட்டுவதில்லை. பொதுக்குழு ஒப்புதல் அளிக்கும் ஆண்டில்தான் அது கணக்கில் ஏறுகிறது. ஆகவே 2024-25இல் கழிக்கப்பட்ட 20 கோடி, முந்தைய ஆண்டு லாபத்துக்கான டிவிடெண்ட். நடப்பு ஆண்டு லாபத்துக்கு எவ்வளவு என்பது இயக்குநர் அறிக்கையில் 'பரிந்துரை' என்று இருக்கும். நம் நிறுவனத்தில் அது பங்குக்கு 7.20 ரூபாய், மொத்தம் 28.8 கோடி. ஒரு பக்கம் இந்த ஆண்டு லாபம், மறுபக்கம் போன ஆண்டு டிவிடெண்ட் என்று வகுத்தால், லாபம் உயர்ந்துவரும் நிறுவனத்தில் தக்கவைப்பு எப்போதும் கூடுதலாகவே தெரியும்.

மூன்றாவது, எந்த நிதியால் வகுப்பது என்பது. `g = b × ROE` சரியாகப் பொருந்துவது ஆண்டுத் தொடக்க நிதியை வைத்துக் கணக்கிட்ட ஆர்.ஓ.இ.க்கு மட்டுமே. ஆண்டிறுதி நிதியில் தக்கவைத்த லாபமும் கலந்திருக்கிறது. இணையதளங்களில் கிடைக்கும் ஆர்.ஓ.இ. பெரும்பாலும் சராசரி நிதியையோ இறுதி நிதியையோ வைத்தது. கையில் இருப்பது இறுதி நிதியின் ஆர்.ஓ.இ. மட்டும் என்றால், சூத்திரத்தை `g = b × ROE / (1 − b × ROE)` என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

திருத்தியபின் கணக்கு இது. தொடக்க நிதி 420 கோடியில், ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்டு வெளியேறக் காத்திருந்த 20 கோடியைக் கழித்தால் 400 கோடி. ஆர்.ஓ.இ. 72/400 = 18%. தக்கவைப்பு 1 − 28.8/72 = 60%. வளர்ச்சி 10.8%. நிலம் விற்ற 12 கோடியைத் தனியே எடுத்துவைப்போம். அது பங்குக்கு 3 ரூபாய், கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். அது போக, ஆண்டிறுதியில் தொழிலில் நிற்கும் நிதி 400 + 72 − 28.8 = 443.2 கோடி, பங்குக்கு 110.80 ரூபாய். 100 ரூபாய் 110.80 ஆகியிருப்பதால் 10.8% என்ற விடை சரிபார்க்கப்பட்டுவிட்டது.

இந்தச் சரிபார்ப்பை எந்த நிறுவனத்துக்கும் செய்யலாம். ஆண்டறிக்கையில் 'பங்குதாரர் நிதி மாற்ற அறிக்கை' என்ற ஒரு பக்க அட்டவணை இருக்கும். தொடக்க நிதி, லாபம், இதர விரிவான வருமானம், டிவிடெண்ட், பைபேக், புதிய வெளியீடு, இறுதி நிதி என்று வரிசையாக நிற்கும். லாபமும் டிவிடெண்டும் அல்லாத வரிகளில் பெரிய தொகை இருந்தால், அந்த ஆண்டின் நிதி வளர்ச்சி தொழிலிலிருந்து வந்ததல்ல. பைபேக்கை டிவிடெண்டோடு சேர்த்தே எண்ண வேண்டும். டிவிடெண்ட் குறைவாகக் கொடுத்து ஆண்டுதோறும் பைபேக் செய்யும் நிறுவனத்துக்கு டிவிடெண்டை மட்டும் கழித்தால், வெளியே போய்விட்ட பணம் உள்ளேயே நின்று வளர்கிறது என்று கணக்கு சொல்லும்.

இரண்டாம் படி: அந்த ஆர்.ஓ.இ. எதனால் ஆனது

18% என்ற எண்ணை எதிர்காலத்துக்கு நீட்டுவதற்கு முன் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டூபான்ட் நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் முறை இதற்கு உதவும். நம் நிறுவனத்தின் விற்பனை 900 கோடி, மொத்தச் சொத்து 800 கோடி என்றால்:

```
72/900 × 900/800 × 800/400 = 8% × 1.125 × 2 = 18%
```

லாப விகிதம், சொத்தின் சுழற்சி, நிதியைப்போல் எத்தனை மடங்கு சொத்து என்ற மூன்றின் பெருக்கம் இது. கடைசி எண்ணில்தான் கடன் ஒளிந்திருக்கிறது. நான்கைந்து ஆண்டுகளுக்கு இதே பிரிப்பைப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் தேய்ந்து, மூன்றாவது மட்டும் 1.5, 1.7, 2 என்று ஏறி வந்திருந்தால், ஆர்.ஓ.இ. நிலையாகத் தெரிந்தாலும் அதைத் தாங்கிப் பிடித்திருப்பது கடன். கடன் எல்லையில்லாமல் ஏறாது. அந்த 18%ஐ நீட்டக் கூடாது.

நிதியின் அளவே திடீரென்று மாறி ஆர்.ஓ.இ. பொருளிழப்பதும் உண்டு. ஹிந்துஸ்தான் யூனிலீவர் இதற்கு நல்ல சான்று. 2020 ஏப்ரலில் ஹார்லிக்ஸ் விற்றுவந்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் கன்ஸ்யூமர் நிறுவனம் அதோடு இணைந்தது. அதற்காகப் புதிதாகக் கொடுத்த பங்குகள் சந்தை மதிப்பில் கணக்கில் ஏறின. சுமார் 8,000 கோடியாக இருந்த பங்குதாரர் நிதி ஓராண்டில் 47,000 கோடியைத் தாண்டியது. நிகர லாபமோ சுமார் 6,700 கோடியிலிருந்து 8,000 கோடிக்கு அருகில்தான் வந்தது. ஆண்டிறுதி நிதியை வைத்துப் பார்த்தால் ஆர்.ஓ.இ. 80%க்கு மேலிருந்து 17% அளவுக்கு இறங்கியது. லாபத்தில் 20% தக்கவைப்பதாக வைத்துக்கொண்டால், சூத்திரம் முதல் ஆண்டில் 16%க்கு மேல் வளர்ச்சி சொல்லும், அடுத்த ஆண்டில் 4%க்கும் கீழே சொல்லும். சோப்பும் ஷாம்பும் விற்கும் தொழில் ஓராண்டில் அப்படி மாறிவிடவில்லை. இத்தகைய நிறுவனங்களில் மொத்த நிதியின் மீதான ஆர்.ஓ.இ.யை விட்டுவிட்டு, புதிதாகப் போட்ட பணம் எவ்வளவு ஈட்டுகிறது என்று பார்ப்பதே வழி.

உண்மையில் எல்லா நிறுவனத்துக்கும் அந்தக் கேள்விதான் முக்கியம். இன்று தக்கவைக்கும் பணம் ஈட்டப்போவது புதுப் பணத்தின் விகிதத்தை. பத்தாண்டுக்கு முன் மலிவாக வாங்கிய ஆலையின் விகிதத்தை அல்ல. நம் பம்ப் நிறுவனம் மூன்றாண்டுக்கு முன், 2021-22இல், 310 கோடி தொடக்க நிதியில் 58 கோடி ஈட்டியது என்று கொள்வோம். இடையில் நிதி 90 கோடி கூடியிருக்கிறது, லாபம் 14 கோடி கூடியிருக்கிறது. 14/90 = 15.6%. சராசரி 18%க்கு மேல் நிற்கும்போது, புதுப் பணம் 15.6%தான் ஈட்டியிருக்கிறது. மூன்றாண்டுக்குக் குறையாத இடைவெளியில் இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒரே ஆண்டில் போட்டால் மூலப்பொருள் விலை ஏற்ற இறக்கமே விடையாக வரும்.

மூன்றாம் படி: மதிப்பீட்டுக்குள் கொண்டுபோவது

நிலையான வளர்ச்சிக்கான சூத்திரம், மைரன் கார்டன் பெயரால் வழங்குவது:

```
P0 = D1 / (r − g)
```

`D1` அடுத்த ஆண்டு டிவிடெண்ட், `r` பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானம். அரசுக் கடன் பத்திரத்துக்கு 7%, பங்கின் அபாயத்துக்கு 6% என்று கூட்டி 13% வைத்துக்கொள்கிறேன். முதல் படியில் வந்த பிழையான 13.2% வளர்ச்சியை இதில் போட்டால் விலை எதிர்மறையாகிறது. திருத்திய 10.8%ஐப் போட்டால் 7.98/0.022, சுமார் 363 ரூபாய். வளர்ச்சியை 9.8% என்று ஒரு புள்ளி குறைத்தால் 247 ரூபாய். `r`, `g` இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது வரும் விடைக்குப் பொருளில்லை. தவிர, 10.8% என்பது முடிவில்லாமல் ஓடக்கூடிய வேகமும் அல்ல. நாட்டின் பொருளாதாரம் அதைவிட மெதுவாக வளரும் நிலை வந்தபின், அந்த நிறுவனம் பொருளாதாரத்தையே விழுங்கினால்தான் அது நடக்கும்.

அதனால் இரண்டு கட்டமாகப் பிரிக்கிறோம். தாங்கும் வளர்ச்சியை முதல் ஐந்தாண்டுக்கு மட்டும் பயன்படுத்துவோம். அதன்பின் 6% வளர்ச்சி, புதுப் பணத்தின் ஆர்.ஓ.இ. 14%. கடந்தகாலம் காட்டிய 15.6%க்குச் சற்றுக் கீழே வைத்திருக்கிறேன். போட்டி அதைத் தேய்க்கும் என்பது என் கணிப்பு.

முதல் கட்டத்தில் பங்கு ஒன்றின் லாபம் 18 ரூபாயிலிருந்து ஆண்டுக்கு 10.8% உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 30.06 ஆகிறது. அதில் 40% டிவிடெண்ட். ஐந்தாண்டு டிவிடெண்டுகள் 7.98, 8.84, 9.79, 10.85, 12.02 ரூபாய். 13% கழிவில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 33.95 ரூபாய்.

இரண்டாம் கட்டத்தில் சூத்திரத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இப்போது வளர்ச்சியும் ஆர்.ஓ.இ.யும் தெரியும், தக்கவைப்பைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

```
b = g / ROE = 6 / 14 = 42.9%
```

அதாவது 57.1% லாபத்தை டிவிடெண்டாகக் கொடுக்கலாம். வளர்ச்சி தணியும்போது டிவிடெண்ட் விகிதம் 40%லிருந்து 57%க்கு உயர்கிறது. இதை மறந்து பழைய 40%ஐயே வைத்தால் மதிப்பைக் குறைத்துக் காட்டுவோம்.

ஆறாம் ஆண்டு லாபம்: ஐந்தாம் ஆண்டில் தக்கவைத்த 18.04 ரூபாய் 14% ஈட்டும், அது 2.52 ரூபாய். பழைய 30.06ஐச் சேர்த்தால் 32.58. டிவிடெண்ட் 18.62. ஐந்தாம் ஆண்டு முடிவில் பங்கின் மதிப்பு 18.62/0.07 = 266 ரூபாய்; இன்றைய மதிப்பில் 144.37. முதல் கட்டத்தின் 33.95ஐயும் நிலம் விற்ற 3 ரூபாயையும் கூட்டினால் 181 ரூபாய்.

இங்கே ஒரு தேர்வு மறைந்திருக்கிறது. பழைய முதலீடு தன் 18%ஐக் காத்துக்கொள்ளும், புதுப் பணம் மட்டுமே 14% ஈட்டும் என்று எடுத்துக்கொண்டேன். மொத்த நிதியும் 14%க்கு இறங்கும் என்று கொண்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் பங்கு ஒன்றுக்கான நிதி, அதாவது புத்தக மதிப்பு, 110.80லிருந்து வளர்ந்து 185 ரூபாயாகும்; அதில் ஆறாம் ஆண்டு லாபம் 25.90தான். ஐந்தாம் ஆண்டைவிட லாபமே குறைகிறது. முடிவு மதிப்பு 211, இன்றைய மொத்தம் 152 ரூபாய். விலைபேசும் வலிமை பழைய ஆலைகளிலும் தேயும் தொழில் என்றால் இதுவே சரி. 181க்கும் 152க்கும் இடையிலான தூரம் ஒரே ஒரு அனுமானத்தால் வந்தது. தாளில் அதை வெளிப்படையாக எழுதிவையுங்கள். இந்த இரண்டாவது வழியைச் சரிபார்க்க `(ROE − g)/(r − g)` என்ற மடங்கு உதவும்: 8/7 = 1.143, 185ஐ அதனால் பெருக்கினால் அதே 211.

நான்காம் படி: வளர்ச்சியை அசைத்துப் பார்ப்பது

முதல் வழிக்கே திரும்புவோம். முடிவு வளர்ச்சியை 6%லிருந்து 8% ஆக்குகிறேன். டிவிடெண்டை 18.62இலேயே விட்டால் முடிவு மதிப்பு 372 ரூபாய்க்குத் தாவுகிறது. 106 ரூபாய் கூடுதல். பிணைப்போடு செய்தால் தக்கவைப்பு 8/14 = 57.1%, டிவிடெண்ட் 13.96, மதிப்பு 279. கூடுதல் 13 ரூபாய்தான். வளர்ச்சியே இல்லாமல் முழு லாபத்தையும் கொடுத்துவிட்டால் 32.58/0.13 = 251. ஆக வளர்ச்சி 0, 6, 8 என்று போனால் மதிப்பு 251, 266, 279. புதுப் பணம் 14% ஈட்ட, பங்குதாரர் 13% எதிர்பார்க்க, இடையில் மிஞ்சுவது ஒரு புள்ளி. வளர்ச்சி பெருக்குவது அந்த ஒரு புள்ளியைத்தான். புதுப் பணமும் 13%தான் ஈட்டும் என்றால் வளர்ச்சி எதுவாக இருந்தாலும் மதிப்பு மாறாது. 13%க்குக் கீழே போனால், வளர வளர மதிப்பு குறையும்.

எக்செல் தாளில் இந்தப் பிழை வராமலிருக்க, முடிவுக் கட்டத்தின் டிவிடெண்ட் விகிதத்தைக் கையால் எழுதவே கூடாது. வளர்ச்சி `B1`, ஆர்.ஓ.இ. `B2`, எதிர்பார்க்கும் வருமானம் `B3`, ஆறாம் ஆண்டு லாபம் `B4` என்றால்:

```
=B4*(1-B1/B2)/(B3-B1)
```

`B1`ஐ மாற்றும்போதெல்லாம் டிவிடெண்டும் தானாக மாறும். `B1` `B2`ஐ எட்டினால் விடை பூஜ்யமாகும். லாபம் முழுவதையும் உள்ளே போட்டுத்தான் அந்த வளர்ச்சி என்று அதற்குப் பொருள்.

ஐந்தாம் படி: சந்தை விலையிலிருந்து பின்னோக்கி

இந்தப் பங்கு சந்தையில் 238 ரூபாய்க்கு விற்கிறது என்று கொள்வோம். நம் கணக்கு 181. 'விலை அதிகம்' என்று தாளை மூடிவிடாமல், 238 வர எதை நம்ப வேண்டும் என்று தேடுங்கள். முடிவு வளர்ச்சி 8%, புதுப் பணத்தின் ஆர்.ஓ.இ. 18% என்று போட்டுப் பார்க்கிறேன். ஆறாம் ஆண்டு லாபம் 33.31, டிவிடெண்ட் 55.6%, முடிவு மதிப்பு 370, இன்றைய மதிப்பில் 201. 33.95ஐயும் 3ஐயும் சேர்த்தால் 238. இன்றைய விலையில் வாங்குபவர், இனிமேல் போடும் ஒவ்வொரு ரூபாயும் என்றென்றும் 18% ஈட்டும் என்று நம்புகிறார். அவர் அறிந்தோ அறியாமலோ நம்புகிறார். கடந்த மூன்றாண்டில் புதுப் பணம் ஈட்டியது 15.6%. ஆகவே அடுத்து திறக்க வேண்டியது ஆண்டறிக்கையின் 'நடைபெறும் மூலதனப் பணிகள்' குறிப்பு: புதிய ஆலைக்கு எவ்வளவு போகிறது, எந்த ஆண்டில் உற்பத்திக்கு வரும், அதிலிருந்து கூடுதலாக எவ்வளவு லாபம் வந்தால் அந்த 18% எட்டும் என்று.